கரண்டி நின்ற மயோனைஸ் கடைசியில் ஏன் பிரிந்தது?

கேள்வி: ஒரு மஞ்சள் கரு, நாலைந்து துளி எலுமிச்சைச் சாறு, 300 மி.லி. சூரியகாந்தி எண்ணெய் வைத்து வீட்டிலேயே மயோனைஸ் செய்தேன். பொறுமையாகத் துளித்துளியாகத்தான் எண்ணெய் விட்டேன். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக வந்தது. இன்னும் கொஞ்சம்தானே என்று மீதியையும் ஊற்றினேன், சட்டென்று பிரிந்து எண்ணெயாக ஓடிவிட்டது. இரண்டு தடவையும் இதே கதை. லெசித்தின் பொடி வாங்கிச் சேர்த்தால் நிற்கும் என்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, ஹேண்ட் பிளெண்டர் வாங்குவதுதான் வழியா?

பதில்: லெசித்தின் வாங்க வேண்டாம், காசு வீண். உங்கள் கிண்ணத்தில் பற்றாமல் போனது தண்ணீர். ஒரு தேக்கரண்டி பச்சைத் தண்ணீர் நேரத்துக்கு விழுந்திருந்தால் இரண்டு தடவையும் தப்பித்திருப்பீர்கள்.

மயோனைஸ் என்பது எண்ணெய்க்குள் முட்டை கலந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம், ஏனென்றால் ஊற்றுவதில் முக்கால்வாசிக்கு மேல் எண்ணெய்தான். ஆனால் உள்ளே இருக்கும் ஏற்பாடு தலைகீழ். சுற்றிலும் இருப்பது தண்ணீர், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான எண்ணெய்த் துளிகள் கோடிக்கணக்கில் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இதைத்தான் எமல்ஷன், தமிழில் பால்மம், என்கிறோம். பாலும் அப்படித்தான், தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள், அதனால்தான் அந்தப் பெயர். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும் ஒவ்வொரு எண்ணெய்த் துளியின் மேலும் ஒரு தோல் போலப் படிந்துகொள்கின்றன. அந்தத் தோல் இருக்கும்வரை இரண்டு துளிகள் உரசினாலும் ஒன்றாகிவிடாது.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒரு மஞ்சள் கரு ஏறக்குறைய 17, 18 கிராம் வரும், அதில் பாதிதான் தண்ணீர், அதாவது 9 மி.லி. நீங்கள் விட்ட எலுமிச்சைத் துளிகள் கணக்கில் சேராது. இந்தச் சின்னக் கையளவுத் தண்ணீருக்குள் 300 மி.லி. எண்ணெயை அடைக்கப் பார்த்திருக்கிறீர்கள். மொத்தத்தில் நூற்றுக்கு 94 பங்கு எண்ணெய். ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் அவை இடத்தில் நூற்றுக்கு 74 பங்கைத்தான் நிரப்பும், மிச்சம் இடுக்கு. மயோனைஸில் துளிகள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே அடையும், அதற்கு மேல் போனால் துளிகள் ஒன்றையொன்று அழுத்தித் தட்டையாகி, மூட்டைகளை நெருக்கி அடுக்கியது போல் நிற்கும். கரண்டி நின்றதே, அது இந்த நெருக்கடியால்தான். துளிகளால் நகர முடியவில்லை, அதனால் கெட்டி. அங்கே இரண்டு துளிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் வெறும் ஏடாக மெலிந்துவிட்டது. அடுத்த கரண்டி எண்ணெய் விழுந்ததும் ஏடு கிழிகிறது, துளிகள் சேர்கின்றன, ஒரு இடத்தில் ஆரம்பித்தது கிண்ணம் முழுக்கப் பரவிவிடுகிறது.

ஆக, நீங்கள் வெற்றி என்று நினைத்த அந்தக் கெட்டிதான் எச்சரிக்கை மணி. அது ஒன்றை மட்டும் பார்த்தாலே போதும், அளவுக் கரண்டி கூட வேண்டாம். கலக்கும்போது மேல்பரப்பு மினுமினுவென்று எண்ணெய்ப் பளபளப்பு காட்டினால், ஓரத்தில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் துளிர்த்தால், எண்ணெயை நிறுத்திவிட்டு ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். உடனே வெளுத்து, கொஞ்சம் இளகும். பயப்பட வேண்டாம், அப்புறம் எண்ணெய் விட விட மறுபடி கெட்டியாகும்.

லெசித்தின் ஏன் வேண்டாம் என்றால், அது குறையவே இல்லை. தண்ணீரை மட்டும் இடையிடையே சேர்த்துக்கொண்டே போனால் ஒரே மஞ்சள் கரு இரண்டு லிட்டருக்கு மேல் கூட எண்ணெயைத் தாங்கும். ருசி சகிக்காது, அது வேறு விஷயம்.

அளவாகச் சொன்னால்: ஒரு மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர், 200 மி.லி. எண்ணெய். சாற்றில் பாதியை முதலிலேயே கருவில் கலந்துவிடுங்கள், மீதியைக் கெட்டியாகும்போது விடுங்கள். எண்ணெய் நூற்றுக்கு 84 பங்குக்குள் நிற்கும். 300 மி.லி. எண்ணெய்தான் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் உள்ளே போக வேண்டும், ஒரே தடவையாக அல்ல, கெட்டிப்படும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொரு விதமாகவும் பிரியும், அது ஆரம்பத்திலேயே நடக்கும். முதல் இரண்டு மூன்று கரண்டி எண்ணெயை அவசரமாக ஊற்றினால், துளிகளாக உடைவதற்கும் அவற்றின் மேல் தோல் படிவதற்கும் நேரம் கிடைக்காது, எண்ணெய் எண்ணெயோடு சேர்ந்துகொள்ளும். கலவை ஒருமுறைகூடக் கெட்டியாகாமல், மஞ்சள் திட்டுகள் மிதக்கும் எண்ணெயாகவே கிடக்கும். உங்களுடையது அது இல்லை. கெட்டியாகாமலே பிரிந்தால் அவசரம், கெட்டியான பிறகு பிரிந்தால் தண்ணீர்ப் பஞ்சம். பல சமையல் குறிப்புகள் இரண்டுக்கும் ஒரே மருந்தாக “மெதுவாக ஊற்றுங்கள்” என்று சொல்லிவிடுகின்றன. நீங்கள் எவ்வளவு மெதுவாக ஊற்றினாலும் அந்த 300 மி.லி. அங்கே அடங்கியிருக்காது.

பிரிந்ததைக் கொட்ட வேண்டாம். ஆனால் அதே கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி அடித்தால் தேறாது, ஏனென்றால் இப்போது சுற்றிலும் இருப்பது எண்ணெய், நீங்கள் விடும் தண்ணீர் அதற்குள் துளியாக மாட்டிக்கொள்ளும். வேறு கிண்ணம் எடுங்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், உறுதியாக வர வேண்டுமென்றால் புதிதாக ஒரு மஞ்சள் கருவும் சேர்த்து, பிரிந்துபோனதை எண்ணெய் மாதிரி பாவித்து அரைத் தேக்கரண்டியாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வாருங்கள். வெளுத்து நிலைபெற்ற பிறகு வேகத்தைக் கூட்டலாம். சரியாக வந்ததா என்று சந்தேகமா? ஒரு டம்ளர் தண்ணீரில் பொட்டு அளவு போட்டுக் கலக்கிப் பாருங்கள். மயோனைஸ் என்றால் பால் போலக் கலங்கிக் கரையும், பிரிந்தது என்றால் எண்ணெய்ப் பொட்டுகள் மேலே மிதக்கும்.

பச்சை முட்டை விஷயம் என்பதால், பாஸ்ச்சரைஸ் செய்த முட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். மீட்கிறேன் என்று மணிக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள்.

ஹேண்ட் பிளெண்டர்? வேறு வேலைக்கும் உதவும் என்றால் வாங்குங்கள். முதல் வகைப் பிரிதலுக்கு அது நல்ல மருந்து. அதன் தலை மட்டும் நுழையும் அளவு குறுகலான ஜாடியில் கருவும் சாறும் அடியில், எண்ணெய் முழுவதும் மேலே. தலையை அடியோடு அடியாக, கருவின் மேல் கவிழ்த்தது போல வைத்து ஓட்டுங்கள், தூக்காதீர்கள். பிளேடு எண்ணெயை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், துளித்துளியாக ஊற்றும் வேலையை அதுவே செய்துவிடும். அடியில் வெள்ளையாக நிரம்பிய பிறகு மெல்லத் தூக்கலாம். அகலமான பாத்திரத்தில் இந்த வித்தை நடக்காது. ஆனால் தண்ணீர்ப் பஞ்சத்தை எந்த மிஷினும் தீர்க்காது, 9 மி.லி. தண்ணீர் அங்கேயும் 9 மி.லி.தான்.

மிக்ஸி ஏற்கெனவே இருந்தால் அதிலேயே செய்யலாம், ஒரு கருவோடு மட்டும் வேண்டாம், அது பிளேடுக்குக் கீழேயே படுத்துக்கிடக்கும். முழு முட்டையாகப் போடுங்கள். வெள்ளைக்கருவில் நூற்றுக்கு 90 பங்கு தண்ணீர், அதுவே 30 மி.லி. அளவுக்கு வந்துவிடும், பஞ்சமும் தீர்ந்தது. கொஞ்சம் இளக்கமாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயைப் பிளேடில் அடித்தால் கசக்கும். நான் ஒருமுறை முழு ஜாடியையும் கெடுத்திருக்கிறேன்.

கேள்வி: கடையில் வாங்கிய மயோனைஸ் பாட்டிலைத் திறந்து ஃபிரிட்ஜின் பின்பக்கம் வைத்திருந்தேன். பார்த்தால் மேலே திரவம் நிற்கிறது. தேதி இன்னும் முடியவில்லை. கெட்டுவிட்டதா? கடையில் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதலில் அந்தத் திரவம் என்ன என்று பாருங்கள். தண்ணீராக, நிறமில்லாமல், விரலில் வழுக்காமல் இருந்தால் அது பெரும்பாலும் கொழுப்புக் குறைந்த வகையாக இருக்கும். லேபிளில் பொருட்கள் அளவின் இறங்கு வரிசையில்தான் அச்சிடப்படும், முதலில் தண்ணீர் என்று இருந்தால் அதில் எண்ணெய் குறைவு. துளிகள் நெருக்கி நிற்பதால் வரும் கெட்டி அதில் கிடையாது, ஸ்டார்ச்சும் சாந்தன் கம்மும்தான், லேபிளில் E415 என்றும் இருக்கலாம், கூழ் போலப் பிடித்து வைத்திருக்கின்றன. கரண்டி போட்ட இடத்தில் அந்தக் கூழ் கொஞ்சம் தண்ணீர் விடும், தயிர் வெட்டிய இடத்தில் ஊறுமே, அதே மாதிரி. கலந்துவிட்டுச் சாப்பிடலாம்.

மஞ்சளாக, வழவழவென்று எண்ணெய் நின்றால் பால்மமே உடைந்திருக்கிறது. பின்சுவரை ஒட்டி, குளிர்காற்று வரும் துளைக்கு நேரே வைத்திருந்தீர்கள் என்றால் உறைந்திருக்கும். துளிகளுக்கு நடுவே உள்ள தண்ணீர் ஐஸாகும்போது அந்தப் படிகங்கள் தோலைக் குத்திக் கிழிக்கும், உருகியதும் எண்ணெய் சேர்ந்துகொள்ளும். குலுக்கினால் திரும்ப வராது. உறைந்து பிரிந்ததாலேயே அது விஷமாகிவிடாது, மேலே சொன்ன புதுக் கிண்ண வழியில் மீட்கவும் முயலலாம், ஆனால் காறல் வாடை, பூஞ்சை, உப்பிய மூடி இதில் ஒன்று இருந்தாலும் குப்பைதான். கதவுத் தட்டு போதும் அதற்கு, ஃப்ரீசர் பக்கமே போக வேண்டாம்.

திருப்பிக் கேட்பது இந்தப் பாட்டிலுக்குக் கஷ்டம், திறந்து உங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது. சீல் உடைக்காத பாட்டிலில் எண்ணெய் மேலே நின்றால் கதை வேறு. அது வழியிலோ கிடங்கிலோ உறைந்திருக்கும், அல்லது சூட்டில் கிடந்திருக்கும். திறக்காமல், எண்ணெய் அடுக்கும் தேதியும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, பில்லோடு கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கும்போதே பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்துப் பகுதியைப் பார்த்துவிட்டால் இந்த நடையும் மிச்சம்.