‘என் பேரை எடுத்துடுங்க’ என்று பதில் வந்தால்

கோலாலம்பூரில் சிறு கடைகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் விளம்பர மெயில் அனுப்பிக் கொடுப்பது என் தொழில். இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன.

பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடை: அக்கா, தீபாவளிச் சலுகை மெயிலுக்கு ஒரு அம்மா “என் பேரை எடுத்துடுங்க” என்று பதில் போட்டார். கீழேதான் அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருக்கே, அதை அழுத்தச் சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், மிச்ச வேலை உங்களுடையது. லிங்கைத் தேடு என்று அனுப்பினால், பக்கத்திலேயே இருக்கும் ஸ்பேம் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவார். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்று ஜிமெயில் சொல்கிறது. ஆயிரம் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்பினால் மூன்று பேர். அதைத் தாண்டினால் உங்கள் மெயிலை ஆசையாக எதிர்பார்க்கிறவர்களுக்கும் அது ஸ்பேமில்தான் போய் விழும்.

முதலில் பேரை நீக்குங்கள், அப்புறம் பதில் எழுதுங்கள். வரிசை மாறினால் “நீக்கிவிட்டோம்” என்று எழுதிய கையோடு கடைக்கு ஆள் வந்துவிடும், நீக்க மறந்துபோகும். நாளைக்குப் போக ஏற்கெனவே நேரம் குறித்து வைத்த மெயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மென்பொருள்களில் அந்த மெயிலுக்கான ஆள் பட்டியல் முன்பே உறைந்துவிடும். பேரை நீக்கிய பிறகும் அது போய்ச் சேரும்.

பதில் இரண்டே வரி: “வணக்கம். உங்கள் முகவரியை நீக்கிவிட்டோம், இனி எங்கள் விளம்பர மெயில் வராது.” அவர் மலாயில் எழுதியிருந்தால் மலாயில் எழுதுங்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்க வேண்டாம், போகிற வழிக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடியும் வேண்டாம்.

பினாங்கு, டியூஷன் சென்டர் அலுவலகம்: பதில் வந்த முகவரி எங்கள் லிஸ்டிலேயே இல்லை மேடம். அப்படியே விட்டுவிடலாமா?

விட்டால் அடுத்த மாதம் மறுபடியும் போகும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: லிஸ்டில் இருப்பது அப்பாவின் ஆபீஸ் முகவரி, அது தானாக அவருடைய ஜிமெயிலுக்குப் போகிறது, அவர் ஜிமெயிலிலிருந்து பதில் போடுகிறார்.

அவர் பதிலுக்குக் கீழே உங்கள் பழைய மெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் `To:` என்ற வரி இருந்தால் பாருங்கள், உண்மையான முகவரி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அந்தப் பகுதியை அவர் அழித்திருந்தால், எந்த முகவரிக்கு மெயில் வந்தது என்று ஒரே ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள். கிடைத்ததும் இரண்டு முகவரிகளையும் நிறுத்துங்கள்.

பெயரை வைத்து ஊகித்து நீக்காதீர்கள். நான் ஒரு முறை செய்தேன். ஒரு சென்டரின் லிஸ்டில் ஒரே பெயரில் இரண்டு அப்பாக்கள். நான் தவறான அப்பாவை நீக்கினேன். அவர் பிள்ளைக்கு மாதிரித் தேர்வு அட்டவணை போகவில்லை. போக விரும்பியவருக்கோ அடுத்த மெயிலும் போனது. ஒரே நாளில் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கிள்ளான், கணக்கர்: சட்டப்படி 21 நாள் டைம் இருக்கிறதே, எதற்கு அவசரம்? அதுவும் தகவலை முழுசாக அழிப்பதுதான் முறை. பேரை இன்னொரு ஷீட்டில் வைத்துக்கொள்வது தப்பில்லையா?

பாதி சரி சார். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 21 நாள் இருப்பது உண்மை. ஆனால் அது, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்று ஒருவர் கேட்பதற்கு. விளம்பரத்தை நிறுத்தச் சொல்வது 43ஆம் பிரிவு. அங்கே நாள் கணக்கு இல்லை, நியாயமான காலம் என்றுதான் இருக்கிறது. ஒரு பேரை எடுக்க மூன்று வாரம் ஆனது என்று ஆணையரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உத்தரவிட்ட பிறகும் நிறுத்தாவிட்டால் 200,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அழிப்பதைப் பற்றி: பழைய போன் எண், பிறந்தநாள், வாங்கிய சாமான் எல்லாம் தேவையில்லை என்றால் தாராளமாக அழியுங்கள். முகவரியை மட்டும் வைத்திருங்கள், இல்லாவிட்டால் யாருக்கு அனுப்பக் கூடாது என்பதே மறந்துபோகும்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு பயண முகவர் கடை. மார்ச்சில் ஒருவர் கேட்டார், கிராணி அவர் வரியையே எக்செலில் அழித்துவிட்டார். அக்டோபரில் புதிதாக வந்த பையன், பழைய கணினியில் கிடந்த ஒரு ஃபைலைப் புது லிஸ்ட் என்று நினைத்து ஏற்றினான். அது அழிப்பதற்கு முந்தைய நகல். அந்த மனிதருக்கு மறுபடியும் மெயில். இந்த முறை அவர் பதில் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தது.

அதற்குப் பிறகுதான் அங்கே `Stop` என்று தனி ஷீட் வைத்தோம். முதல் பத்தியில் முகவரி, இரண்டாவதில் அவர் கேட்ட தேதி, அவ்வளவுதான். எந்த லிஸ்டை ஏற்றுவதற்கு முன்னும், முகவரி B பத்தியில் இருந்தால், பக்கத்தில் இதைப் போட்டு இழுப்பார்கள்:

```
=COUNTIF(Stop!A:A,TRIM(B2))
```

0 வந்தால் அனுப்பலாம். 1 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை இது கண்டுகொள்ளாது, நல்லதுதான். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய முகவரியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை இடைவெளி வரும். அதை `TRIM` நீக்காது, விடை 0 என்று பொய் சொல்லும். `Stop` ஷீட்டில் முகவரியைக் கையால் தட்டச்சு செய்யச் சொல்வது அதனால்தான். அனுப்பும் லிஸ்டில் அந்த இடைவெளி ஒளிந்திருந்தாலும் இதே கதைதான், அங்கே சந்தேகமான வரியைத் திரும்ப அடித்துப் பாருங்கள்.

மெயில் அனுப்பும் சேவையில் செய்வதானால் `Delete` அழுத்தாமல் `Unsubscribe` என்று குறியுங்கள். பொதுவாக அந்தக் குறி இருந்தால் திரும்ப ஏற்றினாலும் மெயில் போகாது.

செந்தூல், கோயில் செயற்குழு: எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் “என்னை எடுத்துடுங்க” என்றார். எடுத்தோம். இப்போது எல்லார் முன்னாடியும் தூக்கிட்டீங்களே என்று கோபமாக இருக்கிறார். என்ன செய்ய?

ஐயா, இது வேறு கதை, இதற்கு எக்செல் உதவாது. போன் போட்டுப் பேசுங்கள்.

சுங்கை டுவா, மளிகை மொத்த வியாபாரம்: நிறுத்தச் சொன்ன கடைக்காரர் எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவர். பில்லும் அனுப்பக் கூடாதா?

பில், நிலுவைக் கணக்கு, டெலிவரி தேதி எல்லாம் அனுப்பலாம். அவர் நிறுத்தச் சொன்னது விளம்பரத்தை. ஆனால் பில்லுக்கு அடியில் “இந்த வாரம் பருப்பு மலிவு” என்று ஒரு படம் ஒட்டுவீர்களே, அதை அவர் பில்லில் எடுத்துவிடுங்கள். அந்தப் படம் டெம்ப்ளேட்டிலேயே இருக்கும், யாருக்கும் ஞாபகம் வராது.

பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடை, மறுபடியும்: அக்கா, நீங்கள் சொன்னபடி நீக்கிவிட்டோம். அதே அம்மா நேற்றுக் கடைக்கு வந்து புடவை எடுத்து, குலுக்கல் படிவத்தில் அதே மெயிலை எழுதிப் போட்டார். திரும்பச் சேர்க்கலாமா?

படிவத்தில் சலுகை மெயில் வேண்டும் என்று தனிக் கட்டம் இருந்து, அதில் அவரே டிக் போட்டிருந்தால் சேர்க்கலாம். அந்தப் படிவத்தில் புதுத் தேதியைக் குறித்துப் பத்திரமாக வையுங்கள், `Stop` ஷீட்டிலிருந்து அவர் வரியை எடுங்கள். கட்டமே இல்லாமல் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தால், நான் சேர்க்க மாட்டேன். என்னோடு வேலை பார்ப்பவர் சேர்க்கலாம் என்கிறார், நேற்று அரை மணி நேரம் வாதாடினோம், முடிவுக்கு வரவில்லை. உங்கள் படிவத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.