மரத்தோட உயரம்: ஒரு டிகிரி தப்புனா எவ்ளோ மாறும், எங்க நின்னு பாக்கணும்?

கேள்வி: மரத்துலருந்து 7 மீட்டர் தள்ளி நின்னு போன் ஆப்ல உச்சிய பாத்தேன். முதல்ல 71 டிகிரி, அப்புறம் 72. ஒரு டிகிரிக்கு உயரம் ஒரு மீட்டருக்கு மேல மாறுதே, எது சரி?

ரெண்டையுமே நம்பாதீங்க, நீங்க ரொம்ப கிட்ட நிக்கிறீங்க. தூரம் 7ஐ tan 71ஆல பெருக்குனா 20.3 மீட்டர், tan 72ன்னா 21.5 (கண்ணுக்கு மேல உள்ள உயரம் மட்டும்தான் இது, தரையிலருந்து கண் வரைக்கும் தனியா கூட்டிக்கணும்). கிட்ட நின்னா பார்வைக் கோடு மரத்தை ஒட்டுனாப்ல சாஞ்சு போகுது, அதனால கை லேசா அசைஞ்சாலே கோடு மரத்துல சர்ருன்னு மேல ஏறிடும். அதுக்காக ரொம்ப தள்ளி 50 மீட்டர்ல நின்னாலும் கோடு நீளமாயிடும், அங்க 22 டிகிரிக்கும் 23 டிகிரிக்கும் நடுவுல ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். 20 மீட்டர்ல நின்னீங்கன்னா கோணம் 45 கிட்ட வரும், ஒரு டிகிரி தப்புக்கு முக்கால் மீட்டர்கூட மாறாது, இதுதான் இருக்கறதுலயே கம்மி. சரியா 45 வரணும்னு அலைய வேணாம், 30லருந்து 60 வரைக்கும் பெருசா கெடாது.

பாடத்துல கோணத்தை 30, 60ன்னு கையில குடுத்துட்டு கணக்கு போடச் சொல்றாங்க, அந்தக் கோணத்துல ஒரு டிகிரி தப்புனா என்ன ஆகும்னு ஒரு தடவகூட கேக்கறதில்ல, எனக்கு ஆத்திரமா வருது. இதனாலதான் ஆப் 21.54ன்னு காட்டுனதும் நம்பிடுறோம். அளந்து தர்றேன்னு வர்றவரு மரத்தடியிலயே நின்னு அண்ணாந்து பாத்து சென்டிமீட்டர் வரைக்கும் சொன்னா காசு குடுக்காதீங்க, கோணம் எவ்ளோ வந்துச்சுன்னு முதல்ல கேளுங்க.

போனையும் சோதிங்க. மேசைமேல வச்சு ரீடிங் பாருங்க, அப்புறம் கவுக்காம, மேல்முனை இருந்த பக்கம் கீழ்முனை வர்ற மாதிரி அரைவட்டம் திருப்பி அதே இடத்துல வச்சு பாருங்க. மேசை சாய்வுன்னா +1, -1னு மாறும். +2, 0ன்னு வந்தா போன்லயே ஒரு டிகிரி தப்பு, பத்து தடவ அளந்து சராசரி எடுத்தாலும் அது போகாது, கழிச்சுத்தான் ஆகணும்.

ஒண்ணே ஒண்ணு, மரம் சாஞ்சிருந்தா 45ல நின்னும் பிரயோஜனம் இல்ல. உச்சி உங்க பக்கமா 2 மீட்டர் சாஞ்சிருக்குன்னு வைங்க, டேப்புல அடிமரம் வரைக்கும் 20 அளப்பீங்க ஆனா உச்சி 18லதான் இருக்கு, 20 மீட்டர் மரம் 22.2ன்னு வரும், எதிர்ப்பக்கம் போனா 18.2தான் வரும். கோணத்துல ஒரு டிகிரி விட்டதைவிட இது மோசம். அதனால மரத்தை சுத்தி வந்து, உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ சாஞ்சு தெரியற இடத்துல நில்லுங்க, அங்க 10 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தப்பும்.