டாக்குமெண்டாக அனுப்பிய போட்டோவில் வீடு தெரியுமா?

கேள்வி: கூடத்தில் கிடக்கும் தேக்கு ஊஞ்சலை விற்கலாம் என்று ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். ஒருவர், "வாட்ஸ்அப்பில் படம் மங்கலா வருது, டாக்குமெண்டா அனுப்புங்க" என்றார். ஆறு படம் அனுப்பினேன். என் பையன் பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம வீடு எங்க இருக்குன்னு அந்தப் படத்துக்குள்ளயே இருக்கு" என்கிறான். விலாசம் எதுவும் நான் சொல்லவே இல்லை. இது உண்மையா? அதை எடுத்துவிட்டு அனுப்ப வழி உண்டா?
— வாசகி, மதுரை

பதில்: உண்மைதான். உங்கள் போன் கேமராவில் இடத்தைப் பதிவு செய்யும் வசதி ஆன் செய்யப்பட்டிருந்தால், உங்கள் வீடு இருக்கும் இடம் அந்த ஆறு படத்தோடும் சேர்ந்தே போயிருக்கிறது. பல போன்களில் கேமராவை முதன்முதலாகத் திறக்கும்போதே அது அனுமதி கேட்கும். நாமும் சரி என்று தட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

படம் என்று நாம் பார்ப்பது கோப்பின் ஒரு பகுதி மட்டும்தான். அதோடு எழுத்தாக ஒரு குறிப்புச்சீட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த போன், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-ல் ஜப்பானில் டிஜிட்டல் கேமராக்களுக்காக வகுத்த முறை இது. படம் எடுப்பவர்கள் தங்கள் படங்களைத் தேதிவாரியாக, இடவாரியாக அடுக்கிக்கொள்ள இன்றும் உதவுகிறது. அந்தச் சீட்டு முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும்போதுதான் பிரச்சினை.

உங்கள் வீடு இருக்கும் இடத்தைக் காட்டும் எண்களை இங்கே போட முடியாது. எல்லோருக்கும் தெரிந்த இடமாக மீனாட்சியம்மன் கோயிலை எடுத்துக்கொள்வோம். அங்கே எடுத்த ஒரு படத்தின் சீட்டைப் பிரித்தால் இப்படி இருக்கும்:

```
Date/Time Original : 2025:03:09 18:42:10
GPS Latitude       : 9 deg 55' 10.20" N
GPS Longitude      : 78 deg 7' 9.48" E
```

கீழே உள்ள இரண்டு வரிகளை 9.9195, 78.1193 என்று மாற்றி, மேப்பில் தேடும் இடத்தில் போட்டால் நேரே கோயிலில் போய் நிற்கும். அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். போன் விநாடியையும் பின்னமாகப் பிரித்து எழுதி வைக்கிறது. அதற்காக அவ்வளவு துல்லியமும் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திறந்தவெளியில் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். கூரைக்குக் கீழே, உங்கள் கூடத்தில் எடுத்த படத்தில் இன்னும் விலகும். பக்கத்து வீட்டையோ எதிர் வீட்டையோ காட்டலாம். ஆனால் பெரும்பாலும் தெரு தப்பாது. தெரு தெரிந்த பிறகு, படத்தில் ஊஞ்சலுக்குப் பின்னால் தெரியும் ஜன்னல் கம்பியும் வாசல் கேட்டின் நிறமுமே வீட்டைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

இதனால் ஒருவர் அகப்பட்டே போன சம்பவம் உண்டு. 2012 டிசம்பரில், பெலீஸ் நாட்டு போலீஸ் விசாரணைக்குத் தேடிக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபி, ஆன்டிவைரஸ் மென்பொருளால் பேர் பெற்றவர், தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த வைஸ் பத்திரிகைக்காரர்கள் ஒரு படத்தை இணையத்தில் போட்டார்கள். ஐபோனில் எடுத்த படம். இடக் குறிப்பை நீக்கவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சில நாட்களிலேயே அங்கே கைதானார். கணினிப் பாதுகாப்பையே தொழிலாக வைத்திருந்தவரைச் சுற்றியிருந்தவர்களுக்கே இது தவறிப்போனது என்பதால்தான் சொல்கிறேன். நீங்கள் கவனிக்காமல் விட்டதில் வியப்பே இல்லை.

இப்போது அந்த "டாக்குமெண்டா அனுப்புங்க" விஷயத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோ என்று அனுப்பினால், அது படத்தைச் சுருக்கிப் புதுக்கோப்பாகச் செய்துதான் அனுப்பும். அந்தச் சுருக்கலில் இடக் குறிப்பு விழுந்துவிடும். அதனால்தான் படமும் கொஞ்சம் மங்குகிறது. டாக்குமெண்ட் என்று அனுப்பினால் கோப்பு அப்படியே, ஓர் எழுத்துகூட மாறாமல் போகும். தெளிவும் சீட்டும் சேர்ந்தே போகும். டெலிகிராமில் ஃபைலாக அனுப்புவது, மெயிலில் இணைப்பது, டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பது எல்லாம் இதே வகை. கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. தேக்கில் விரிசல் இருக்கிறதா, மூட்டு இளகியிருக்கிறதா என்று பார்க்க நல்ல வாடிக்கையாளரும் தெளிவான படம்தான் கேட்பார். ஆனால் விற்கும் நாம் வீட்டு இடத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

அனுப்பிய ஆறையும் இன்றே Delete for everyone போட்டு நீக்குங்கள். இரண்டு மூன்று நாள் கடந்திருந்தால் அந்த வசதி கிடைக்காமல் போகலாம். அவர் ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தால் அதை நம்மால் திரும்பப் பெற முடியாது. எனவே இந்த ஒருவருக்கு உங்கள் தெரு தெரியும் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். ஊஞ்சலைப் பார்க்க வருகிறேன் என்றால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரமாகச் சொல்லுங்கள். ஊருக்குப் போகிறோம், பகலில் ஆள் இருக்காது என்ற பேச்சை அவரிடம் எடுக்காதீர்கள்.

இனி அனுப்பும் படங்களுக்கு. தெளிவு அவ்வளவு முக்கியமில்லை என்றால் போட்டோவாகவே அனுப்பிவிடுங்கள், வேலை முடிந்தது. படத்தைத் திரையில் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும் நல்ல வழிதான். ஸ்கிரீன்ஷாட்டில் கேமரா பதிந்த இடக் குறிப்பு வராது. தெளிவும் வேண்டும், இடமும் போகக்கூடாது என்றால்தான் நீக்கும் வேலை.

ஐபோனில் படங்களைத் தேர்ந்தெடுத்து ஷேர் பொத்தானைத் தட்டினால், மேலே Options என்று சின்னதாக இருக்கும். அதற்குள் Location-ஐ அணைத்துவிட்டு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மெனு மாறும் என்பதால், பையனிடம் கணினியைக் கொடுப்பதே சுலபம். விண்டோஸில் படத்தின்மேல் ரைட் கிளிக், Properties, Details. கீழே Remove Properties and Personal Information என்ற வரியைத் தட்டி, Create a copy with all possible properties removed என்பதைத் தேர்ந்தெடுத்தால் சுத்தமான நகல் ஒன்று கிடைக்கும். அந்த நகலைத்தான் அனுப்ப வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் மூலப்படத்தை அல்ல. இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

நிறையப் படங்கள் இருந்தால் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் நல்லது:

```
exiftool -all= -tagsfromfile @ -Orientation oonjal.jpg
```

`-all=` எல்லாக் குறிப்பையும் துடைக்கும். ஆனால் படம் நெட்டுக்குத்தாக எடுத்ததா, கிடையாக எடுத்ததா என்பதும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. அதையும் துடைத்தால் ஊஞ்சல் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். அதற்காகத்தான் Orientation-ஐ மட்டும் திரும்ப எடுத்து வைக்கிறோம். இன்னொன்று: இந்த மென்பொருள் பழைய படத்தை `oonjal.jpg_original` என்ற பெயரில் அங்கேயே விட்டுவைக்கும். ஃபோல்டரை மொத்தமாக அனுப்பினால் அதுவும் கூடவே போய்விடும்.

நீங்கியதா என்று பார்க்க, அனுப்பப் போகும் அதே கோப்பை மறுபடி Properties-இல் திறந்து Details பாருங்கள். GPS என்ற தலைப்பே இருக்கக்கூடாது. விளம்பரத் தளத்தில் ஏற்றிய படத்துக்கும் இதே சோதனைதான். நீங்கள் போட்ட விளம்பரத்தை வேறொரு கணினியில் திறந்து, படத்தை இறக்கிப் பாருங்கள். பல தளங்கள் படத்தைச் சுருக்கும்போது சீட்டைக் கழித்துவிடும். எல்லாத் தளமும் அப்படி என்று நம்பிவிட வேண்டாம்.

கோப்பின் பெயரையும் பாருங்கள். IMG_20250309_184210.jpg என்றால், 2025 மார்ச் 9 மாலை 6.42 என்று பெயரே சொல்கிறது. சீட்டைத் துடைத்தாலும் இது மாறாது. Oonjal1 என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

இனி எடுக்கும் படங்களில் இடமே பதியாமல் இருக்க, ஐபோனில் Settings, Privacy & Security, Location Services, Camera என்று போய் Never கொடுங்கள். ஆண்ட்ராய்டில் கேமராவின் செட்டிங்ஸில் Location tags அல்லது Save location என்று இருப்பதை அணையுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களில் இது எதையும் மாற்றாது. வீடியோவிலும் இடம் பதியும் என்பதால், ஊஞ்சல் ஆடுவதைப் படமெடுத்து அனுப்புவதாக இருந்தால் அணைத்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிக்ஸியின் ஜார் விரிசலோடு வந்தது. பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுத்திருக்கிறேன். பாதுகாப்புக்காகப் படத்தில் இருக்கும் தகவலை நீக்கிவிட்டுப் புகார் கொடுக்கலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: நீக்காதீர்கள். இங்கே அந்தத் தேதிதான் உங்களுக்குத் துணை. டெலிவரி ஆன அன்றே, சில நிமிடங்களுக்குள் எடுத்த படம் என்று அது சொல்லும். கடைக்கு முதலில் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் போதும். மூலப்படம் உங்கள் போனிலேயே, வெட்டாமல், திருத்தாமல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பி வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எடுத்த நேரம் போய்விடும். மிஞ்சுவது IMG-20250309-WA0003 என்ற பெயர் மட்டுமே.

அந்தத் தேதியை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். போன் கடிகாரத்தை மாற்றி வைத்தால் படத்தின் தேதியும் மாறும், மென்பொருளாலும் மாற்றலாம். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் சொல்லும். எனவே பெட்டியின் மேல் ஒட்டிய கூரியர் லேபிளும் உடைந்த ஜாரும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். டெலிவரி ஆனதாக வந்த எஸ்எம்எஸ், பில் இரண்டையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். சீட்டில் GPS Time Stamp என்று இன்னொரு நேரம் இருந்து, அது ஐந்தரை மணி நேரம் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். அது உலகப் பொது நேரம். நம் நேரத்தோடு சரியாக ஐந்தரை மணி வித்தியாசம் இருந்தால் போன் கடிகாரம் ஒழுங்காக இருந்தது என்று அர்த்தம்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. அதுவரை போனை மாற்ற நேர்ந்தால், கேபிள் வழியாக மூலக்கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து, Date taken என்ற வரி அங்கேயும் அதே நேரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பழைய போனை விற்றுவிடுங்கள்.