கைலிக்கு ஒரு கவுன்ட்டர், பேன்ட்டுக்கு ஒரு கவுன்ட்டரா?

கேள்வி: அப்பா இளநீர்க் கடை வைத்திருக்கிறார். சேர்ந்துபோன கிழிந்த நோட்டுகளையும் பத்து ரூபாய் நாணயங்களையும் ஒரு பையில் போட்டு, கைலியோடு வங்கிக்குப் போனார். "இதெல்லாம் இங்க வாங்க மாட்டோம், பெரிய பிராஞ்சுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அதே பையை நான் பேன்ட் சட்டையில் கொண்டுபோனேன். உட்காரச் சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். இனி அப்பாவை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்வதுதான் புத்திசாலித்தனமா?
— ஒரு வாசகர், பெண்ணாடம்

பதில்: சட்டை வாங்கிக் கொடுங்கள், தீபாவளிக்கு. வங்கிக்காக வேண்டாம்.

துணியைப் பார்த்து ஆளை எடைபோடுவது எல்லா இடத்திலும் ஒரே கணக்கு இல்லை. கடைக்காரர் போடுவது பாக்கெட் கணக்கு: இவர் வாங்குவாரா, சும்மா பார்த்துவிட்டுப் போவாரா? அந்தக் கணக்கு தப்பினால் நஷ்டம் அவருக்கே. 2022 ஜனவரியில் கர்நாடகத்தின் தும்கூரில் ஒரு வாகன ஷோரூமில் சரக்கு வண்டி பார்க்கப் போன விவசாயியிடம், பத்து ரூபாய்கூட இல்லாதவர் என்ற தோரணையில் விற்பனையாளர் பேசினார். கொஞ்ச நேரத்தில் அவர் பத்து லட்சம் ரூபாயைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றார். கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையை நாமெல்லோரும் கைதட்டி ரசித்தோம். அதில் ஒரு கோளாறு உண்டு. பத்து லட்சம் இருந்ததால்தான் அவருக்கு மரியாதை திரும்பி வந்தது. நிஜமாகவே பத்து ரூபாய் இல்லாமல் போயிருந்தால்?

வங்கிக் காசாளரின் கணக்கு வேறு. உங்கள் அப்பாவைத் திருப்பி அனுப்பியதால் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, வேலைதான் மிச்சம். கிழிந்த நோட்டு என்றால் ஒவ்வொன்றையும் விரித்து, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, தனியே பதிந்து, தனியே கட்ட வேண்டும். நாணயத்தை எண்ணி முடிப்பதற்குள் வரிசை வாசல்வரை நீளும். ஆகவே கவுன்ட்டரின் மறுபக்கம் நிற்பவரைப் பார்த்ததும் அவர் மனதில் எழும் கேள்வி "இவரிடம் பணம் இருக்கிறதா" என்பதாக இருக்காது. "முடியாது என்று சொன்னால் இவர் சும்மா போய்விடுவாரா?" என்பதுதான். கைலியைப் பார்த்து "போய்விடுவார்" என்று முடிவு செய்தார். உங்கள் பேன்ட்டைப் பார்த்து "கேள்வி கேட்பார்" என்று முடிவு செய்தார். அப்பாவுக்கு இல்லாதது சட்டை இல்லை, கேள்வி. அதைச் சொல்லித் தருகிறேன்.

முதலில், பையில் இருந்தவற்றுக்கு வங்கி என்ன செய்தாக வேண்டும் என்று பார்ப்போம். கிழிந்த, அழுக்கான நோட்டை மாற்றித் தருவது எல்லா வங்கிக் கிளைகளின் கடமை. அந்தக் கிளையில் கணக்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. ஒரு நாளைக்கு 20 நோட்டு வரை, மொத்த மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. "அக்கவுன்ட் இருக்கா?" என்பது இந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

நோட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதும் காசாளரின் மனநிலையைப் பொறுத்தது இல்லை. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டானால், மிஞ்சிய ஒரே பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை. 20 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள நோட்டுக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் முழுப் பணம், இல்லாவிட்டால் கிடையாது. இரண்டாகக் கிழிந்து, இரண்டு துண்டும் ஒரே நோட்டுடையதாக இருந்து, முக்கியப் பகுதி எதுவும் போகாமல் ஒட்டிவைத்திருந்தால், அது கிழிந்த நோட்டுக் கணக்கிலேயே வராது. வெறும் அழுக்கு நோட்டுதான், முழு மதிப்பு உண்டு. டேப் ஒட்டிய நோட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். வேண்டுமென்றே வெட்டியது என்று தெரிந்தால் மட்டும் மறுக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பாவின் பையில் ஐந்து நோட்டு என்று வையுங்கள். இரண்டாகக் கிழிந்து ஒட்டிய 200, மூலை போன 500, கால் பங்கு போன 100, அறுபது சதவீதம் மிஞ்சிய 20, பாதிக்கும் குறைவாக மிஞ்சிய 10. முகமதிப்பு 830 ரூபாய். 200க்கு 200, 500க்கு 500, 100க்கு 50, 20க்கு 20, பத்துக்குப் பூஜ்யம். கையில் வர வேண்டியது 770. குறைந்த 60 ரூபாய்க்கும் காரணம் உண்டு. காசாளர் அதை எடுத்துச் சொல்ல வேண்டும், அப்பா அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கவுன்ட்டரில் மரியாதை என்று நான் சொல்வது இந்த இரண்டு நிமிடத்தைத்தான். நாற்காலியும் "வாங்க சார்"உம் அதற்குப் பிறகு.

"பெரிய பிராஞ்ச்" என்ற பேச்சு முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அது சுலபமாக எடுபடுகிறது. ரிசர்வ் வங்கியின் பணத்தைக் காப்பறையில் வைத்திருக்கும் கிளைகள் தனி. அந்தக் காப்பறை இல்லாத சின்னக் கிளைகூட, ஐந்து வரை உள்ள கிழிந்த நோட்டுகளைப் பொதுவாகத் தானே தீர்த்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நோட்டை வாங்கிக்கொண்டு, பணம் எப்போது கிடைக்கும் என்று தேதி போட்டு ரசீது தந்து, காப்பறைக் கிளைக்குத் தானே அனுப்ப வேண்டும். அந்தத் தேதி 30 நாளைத் தாண்டக் கூடாது. ஐந்துக்கு மேல் போனால்தான் வாடிக்கையாளரைக் காப்பறைக் கிளைக்குப் போகச் சொல்லலாம். மேலே சொன்ன பையில் ஒட்டிய 200 அழுக்கு நோட்டாகிவிட்டதால் கிழிந்தவை நான்குதான். அந்தக் கிளைக்குச் சாக்கே இல்லை.

பத்து ரூபாய் நாணயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பஸ்ஸிலிருந்து பெட்டிக்கடை வரை ஒரு காலத்தில் அதைத் தீண்டாமல் வைத்திருந்தோம். ரூபாய்ச் சின்னம் இருப்பது, இல்லாதது என்று பல வடிவங்கள் வந்ததால் போலி என்ற வதந்தி கிளம்பியது. 14 வடிவங்கள் வெளிவந்திருக்கின்றன, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியும் இருக்கிறது. நூறு நூறாக உறையில் போட்டுக் கொண்டுபோனால் எண்ணும் வேலை குறையும். ரிசர்வ் வங்கியே சொல்லும் யோசனை இது. காசாளரும் மனிதர்தானே.

சட்டத்தின் துணையைப் பெரிதாக நம்ப வேண்டாம். 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. வேட்டி முதலான இந்தியப் பாரம்பரிய உடைக்காக ஒருவரைத் தடுத்தால் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கைலி அதில் சேருமா என்பது வழக்கறிஞர்களுக்குச் சோறு போடும் கேள்வி. அதைவிட முக்கியம், அந்தச் சட்டம் காப்பது வாசலை. உங்கள் அப்பாவை வாசலில் யாரும் தடுக்கவில்லை, உள்ளே விட்டுத்தான் விரட்டினார்கள். பெங்களூரில் 2024 ஜூலையில் வேட்டி கட்டி வந்த விவசாயி ஒருவரை, கையில் சினிமா டிக்கெட் இருந்தும் மால் வாசலிலேயே நிறுத்தினார்கள். வீடியோ பரவியதும் அரசு அந்த மாலை ஏழு நாள் மூடச் சொன்னது. வீடியோ இல்லாதவருக்கு அந்த ஏழு நாள் கிடைக்காது.

ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் முதல் உரிமையே நியாயமாக நடத்தப்படும் உரிமைதான். பாலினம், வயது, மதம், சாதி, உடல்திறன் போன்றவற்றைக் காட்டிப் பாரபட்சம் கூடாது என்கிறது. பட்டியலில் உடை இல்லை. "போன்ற" என்ற சொல்லில் தொங்கிக்கொண்டு வாதாடலாம், ஆனால் ஒரு சொல்லில் எவ்வளவு நேரம் தொங்குவது?

அதனால்தான் சொல்கிறேன், புகாரில் அவமானத்தை எழுதாதீர்கள். மறுத்த வேலையை எழுதுங்கள். "என் தந்தையை மரியாதைக் குறைவாக நடத்தினார்கள்" என்று எழுதினால் "ஊழியருக்கு அறிவுரை வழங்கப்பட்டது, வருந்துகிறோம்" என்று ஒரு வரி வரும், கோப்பு மூடும். "இன்ன தேதி, காலை 11.20, பணக் கவுன்ட்டரில் நான்கு கிழிந்த நோட்டும் இத்தனை பத்து ரூபாய் நாணயமும் கொடுத்தேன், வாங்க மறுத்தார்கள், ரசீதும் தரவில்லை" என்று எழுதினால் அதற்கு வருத்தம் பதிலாகாது. மறுத்தது ஏன் என்று சொல்ல வேண்டும். நேரம் எழுதுவது கேமராப் பதிவைத் தேடுவதற்கு. பதிவு காலத்துக்கும் இருக்காது, அன்றே எழுதுங்கள்.

கிளையில் புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும். நகலைக் கிழித்துப் புகார்தாரரிடம் தரும்படியாக அதன் தாள்களில் துளைக்கோடு போட்டிருப்பார்கள். கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் அனுப்பலாம், 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் இல்லை. வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. கைலி கட்டியவர் "மாட்டோம்னா அதையே எழுதிக் கொடுங்கய்யா" என்று அமைதியாகக் கேட்டால், காசாளரின் அந்தப் பழைய கணக்கு அங்கேயே தப்பிவிடும்.

ஆக, அப்பா அடுத்த முறையும் கைலியிலேயே போகட்டும். மடித்துக் கட்டியிருந்தால் இறக்கிவிட்டுக்கொள்ளட்டும், அது நம் ஊர்ப் பழக்கம், வங்கிக்காக இல்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மறுநாள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்களே, அப்போது "நேற்று இதே பையோடு வந்தவர் என் அப்பா" என்று சொன்னீர்களா? கடிதத்தில் அந்த வரியைத் தேடினேன், காணோம்.