கட்-ஆஃப் மட்டத்தில் பலவீனமான கான்கிரீட்

"பென்டோனைட் களிமண் குழம்பு நிரப்பிய துளை, 800 மி.மீ. விட்ட அடித்தளப் பைல். பைல் முடிய வேண்டிய கட்-ஆஃப் மட்டத்துக்கு மேல் 300 மி.மீ. கூடுதலாக ஊற்றினோம். உடைத்து இறக்கியும் கட்-ஆஃபில் மண் கலந்து உதிர்கிறது. பைல் தலைமேல் அமரும் கான்கிரீட் கேப்பைப் போடலாமா?"

போடக் கூடாது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கான்கிரீட் குறுக்குவெட்டு முழுவதும் தெரியும்வரை உடைத்து இறக்கி, கம்பிகளைச் சுத்தம் செய்து, அச்சு கட்டி, குறைந்தது அதே தரக் கான்கிரீட்டால் கட்-ஆஃப் வரை உயர்த்துங்கள்.

துளையின் அடிவரை விடும் ட்ரெமிக் குழாயில் முதலில் இறங்கும் கான்கிரீட்டின் பெரும்பகுதி, பென்டோனைட்டையும் அடிவண்டலையும் சுமந்தபடி மேலே வந்து சேர்வதால், அந்தக் கலப்படம் பெரும்பாலும் உச்சியில் தங்கும். அதற்கு 300 மி.மீ. போதாது. பைல்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911, ட்ரெமி முறையில் வேலை மேடை மட்டம்வரை வழியவிடவோ, கட்-ஆஃபுக்கு மேல் குறைந்தது 1 மீட்டர் ஊற்றவோ சொல்கிறது.

ஊற்றுப் பதிவேட்டையும் பாருங்கள். இந்த விட்டத்தில் 6 கனமீட்டர் லாரி ஒன்று ஏறத்தாழ 12 மீட்டர் உயர்த்த வேண்டும். அளவுநாடா அதைவிட அதிக ஏற்றம் காட்டியிருந்தால், நாடா முனையில் கட்டிய எடை குறைந்த குண்டு வண்டலின் மேலேயே நின்றிருக்கலாம், அல்லது துளைச்சுவர் சரிந்து தண்டு குறுகியிருக்கலாம். இரண்டாவது சந்தேகம் இருந்தால், உச்சியைச் செப்பனிடும் முன்பே, வெளிப்பட்ட நல்ல கான்கிரீட்டின் மீது சுத்தியல் அதிர்வுச் சோதனையை நடத்துங்கள்.

ஆனால் அச்சோதனை பெரிய விரிசலையும் குறுகலையும்தான் காட்டும். அடியில் தங்கிய வண்டலையோ தாங்குதிறனையோ சொல்லாது.