சுமையை இறக்கும்போது மட்டும் கிரேன் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஏன் நிற்கிறது?

"டர்பனில் எங்கள் பட்டறையில் 5 டன் கிரேனுக்குப் புதிதாக டிரைவ் போட்டோம். ஏற்றும்போது பிரச்சினை இல்லை, வெறும் கொக்கி இறங்கும்போதும் இல்லை. சுமையோடு இறக்கினால் ஓவர்வோல்டேஜ் காட்டி நின்றுவிடுகிறது. வேகம் குறையும் நேரத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டலாமா?"

கூட்டிப் பயனில்லை. சுமை இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க உங்கள் மோட்டார் ஜெனரேட்டராகத்தான் ஓடுகிறது.

சுற்றும் திசை ஒன்று, முறுக்குவிசையின் திசை ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு நிலைகள், அதாவது நான்கு கால்பகுதிகள் வரும். ஏற்றும்போது இரண்டும் மேல்நோக்கி. இது முதல் கால்பகுதி. வெறும் கொக்கியை இறக்கும்போது, கியர்பெட்டியின் உராய்வை வெல்லக் கொக்கியின் எடை போதாவிட்டால், மோட்டாரே கீழ்நோக்கித் தள்ள வேண்டும். இது மூன்றாவது. இரண்டிலும் மோட்டார் மின்சாரம் வாங்குகிறது.

சுமையோடு இறக்குவது நான்காவது. சுற்றுவது கீழ்நோக்கி, ஆனால் சுமை ஓடிவிடாமல் பிடிக்கும் விசை மேல்நோக்கி. இறங்கும் சுமையின் ஆற்றல் மோட்டார் வழியாக டிரைவுக்குள் திரும்பி வருகிறது. மேலே போகும்போதே விசை கீழ்நோக்கி இருப்பது இரண்டாவது. சுமையை எடை தானே நிறுத்திவிடுவதால் தூக்கும் மோட்டாரில் அது அபூர்வம். தண்டவாளத்தில் கிரேனை ஓட்டும் மோட்டாரோ முன்னும் பின்னும் கிளம்பி நிற்பதால் நான்கையும் பார்த்துவிடும்.

சரி, எவ்வளவு திரும்பி வருகிறது? 5 டன் என்றால் சுமார் 49 கிலோநியூட்டன். நிமிடத்துக்கு 8 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 6.5 கிலோவாட். கியர், மோட்டார் இழப்பு போக 5.5 கிலோவாட் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டிரைவின் உள்ளீட்டில் இருப்பவை டயோடுகள். அவை மின்சாரத்தை வெளியே திருப்பி விடாது. 400 வோல்ட் லைனில் உள்ளே சுமார் 565 வோல்ட் டிசி மின்னழுத்தம் இருக்கும். அது கிடுகிடுவென ஏறி 800 வோல்ட்டைத் தாண்டும்போது டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது.

திரும்பி வரும் மின்சாரத்தை ரெசிஸ்டருக்குத் திருப்பிவிடும் பிரேக் சாப்பரும், அதை வெப்பமாக எரிக்கும் ரெசிஸ்டரும்தான் தீர்வு. சாப்பர் 750 வோல்ட்டில் இயங்கத் தொடங்கினால் 80 ஓம் ரெசிஸ்டர் 7 கிலோவாட் வரை எரிக்கும். அதைவிடக் குறைந்த ஓம் போடுவதானால் டிரைவ் கையேட்டில் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாதீர்கள், சாப்பர் கருகிவிடும். ஓம் சரியாக இருந்தும் வாட் போதாமல் போவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. 8 மீட்டர் இறக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடம் முழுக்க 5.5 கிலோவாட்டைத் தாங்க வேண்டும். சில வினாடிகளுக்கென்று செய்த சின்ன ரெசிஸ்டர் முதல் சில தடவை வேலை செய்யும், அப்புறம் சிவந்து அறுந்துவிடும். பழைய கோளாறே திரும்ப வரும்.

டிரைவில் ஓவர்வோல்டேஜைத் தானாகத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது அழுத்தத்தைக் குறைக்க மோட்டாரை வேகமாகச் சுற்ற விடும். சுமையும் அதே வேகத்தில் இறங்கும். டிரைவ் நின்ற கணமே இயந்திர பிரேக் பிடிக்கிறதா என்பதை, சுமையைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வைத்து, கீழே ஆள் இல்லாமல் இன்றே பாருங்கள். அது நழுவினால் ரெசிஸ்டர் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், கிரேனைப் பூட்டிவிடுங்கள்.