வேலைக்குப் போகும் வழியில் இருந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: நான் வீடுகளுக்குப் போய் ஏசி பழுதுபார்க்கும் ஃபீல்டு டெக்னீசியன். மாதச் சம்பளம், டியூட்டி காலை 9 முதல் மாலை 6 வரை. வேலைகள் போனில் ஆப் வழியாக வரும். 'ஸ்டார்ட்' அழுத்தியதில் இருந்து 'கம்ப்ளீட்' அழுத்தும் வரைதான் வேலை நேரம் என்கிறார்கள். ஒரு நாளில் அது 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். சிக்னல் இல்லாத இடத்தில் 'கம்ப்ளீட்' தாமதமாக ஏறினால் அதற்குத் தனியாக அபராதம். நான்கு மாதமாக இப்படி. கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு. இதை ஓவர்டைம் பிரச்சினையாகக் கொண்டுபோகாதீர்கள், சம்பளப் பிடித்தமாகக் கொண்டுபோங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, எந்தெந்தக் காரணத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று 18-வது பிரிவில் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் இல்லாத காரணத்துக்குப் பிடிக்க முடியாது. உங்கள் நிறுவனம் நிற்கக்கூடிய ஒரே இடம் 'வேலைக்கு வராமை'. அதை 20-வது பிரிவு விளக்குகிறது: பணி நிபந்தனைப்படி இருக்க வேண்டிய இடத்தில், அல்லது இடங்களில், தொழிலாளி இல்லாமல் இருந்தால்தான் அது வராமை. 'இடங்களில்' என்ற சொல் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. 11 மணிக்கு ஒரு வீட்டில் வேலை முடிகிறது, 12 மணிக்கு அடுத்த வீட்டில் இருக்கச் சொல்லி நிறுவனமே போனில் அனுப்புகிறது. நடுவில் நீங்கள் வண்டியில் இருப்பது அவர்கள் சொன்ன வேலையின் ஒரு பகுதி. அதை வராமை என்று சொல்ல முடியாது.

அதே பிரிவில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உண்மையிலேயே வராமல் இருந்தாலும், வராத நேரம் எவ்வளவோ அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அரை மணி நேரம் குறைந்ததற்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பது, பயண நேரக் கேள்வியைத் தொடாமலேயே தவறாகிவிடுகிறது.

ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9:10-க்குக் கிளம்பி 9:50-க்கு முதல் வேலை ஸ்டார்ட், 11:05-க்கு கம்ப்ளீட். இரண்டாவது 12:00 முதல் 1:00 வரை. அரை மணி நேரம் சாப்பாடு. மூன்றாவது 2:25 முதல் 4:00 வரை, நான்காவது 4:55 முதல் 5:55 வரை. ஆப் காட்டும் வேலை நேரம் 75, 60, 95, 60 நிமிடங்கள். மொத்தம் 4 மணி 50 நிமிடம். நிறுவனக் கணக்கில் இது அரை நாள். வேலைகளுக்கு இடையிலான மூன்று பயணங்கள், தலா 55 நிமிடம், 2 மணி 45 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 7 மணி 35 நிமிடம். சாப்பாட்டு நேரத்தையும் காலையில் முதல் வீட்டுக்குப் போன 40 நிமிடத்தையும் விட்டுவிட்டே 6 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

அதனால்தான் அந்த முதல் பயணத்துக்காகச் சண்டை போடாதீர்கள் என்கிறேன். நிலையான அலுவலகம் இல்லாமல், போனுக்கு வரும் பட்டியலைப் பார்த்து வீட்டில் இருந்தே கிளம்பும் டெக்னீசியன்களின் முதல், கடைசிப் பயணங்களும் வேலை நேரமே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015 செப்டம்பர் 10 அன்று டைகோ வழக்கில் சொன்னது உண்மைதான். ஆனால் அது இங்கே கட்டுப்படுத்தாது. அங்கேயும் கேள்வி வேலை நேரம் பற்றியது, சம்பளம் பற்றியது அல்ல. உங்களுக்குத் தேவைப்படாத பலவீனமான வாதத்தை மனுவில் வைத்தால், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறைக்கும்.

ஓவர்டைமைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இரட்டிப்பு ஓவர்டைம் தருகிறது. ஆனால் அதன் 4-வது பிரிவு, பயணம் செய்வதையே உள்ளடக்கிய வேலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அந்த வழியில் போனால் முதல் விசாரணையிலேயே இதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

அபராதம் தனி விஷயம். ஊதியச் சட்டத் தொகுப்பின் 19-வது பிரிவுப்படி, எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்அனுமதி பெற்று அறிவிப்பாக வெளியிட்டிருக்க வேண்டும். உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆப் தானாகவே போட்டுவிடும் அபராதத்தில் விளக்கம் கேட்கும் கட்டம் இருக்கவே வாய்ப்பில்லை.

சிக்னல் தாமதத்தை நிரூபிக்க, ஒரு கம்ப்ளீட்டுக்கு இரண்டு நேரங்கள் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். நீங்கள் அழுத்தியபோது போன் பதிந்த நேரம் ஒன்று, சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம் இன்னொன்று. அபராதம் பெரும்பாலும் இரண்டாவதைப் பார்த்துத்தான் விழும். பல வேலைகளின் கம்ப்ளீட் ஒரே நிமிடத்தில் ஏறியிருந்தால், சிக்னல் இல்லாத இடத்தில் இருந்து வெளியே வந்து சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக ஏறியதாக இருக்கலாம். ஆனால் மாலையில் உட்கார்ந்து எல்லாப் பட்டனையும் ஒன்றாக அழுத்தினாலும் சர்வர் நேரம் இதே மாதிரிதான் தெரியும். இனி ஒவ்வொன்றையும் அந்தந்த நேரத்திலேயே அழுத்துங்கள். வேலை முடிந்ததும் எடுத்த போட்டோவின் மூலக் கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள்; வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பிய பிரதியில் எடுத்த நேரம் இருக்காது.

புகார் எழுதும் முன்பே பதிவை எடுத்துவிடுங்கள். புகார் போன மறுநாள் லாகின் மூடப்படலாம். நான்கு மாத வேலைப் பட்டியலையும், ஒவ்வொரு வேலையின் எண், நிலை, நேரம் தெரியும் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே கோப்பாக்குங்கள். வாடிக்கையாளர் பெயரையும் போன் எண்ணையும் பிரதியில் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தகவலை வெளியே எடுத்ததாக உங்கள் மீதே நடவடிக்கை வரலாம். மூலத்தை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023, 63-வது பிரிவின் சான்றிதழ் வேண்டும்; அதில், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் கேட்கப்படும். அதன் முதல் பகுதியை நீங்களும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் பெயர் jobs.pdf என்றால், விண்டோஸ் கணினியில் அது இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஹாஷ் எடுக்க இந்த ஒரு வரி போதும்:

```
certutil -hashfile jobs.pdf SHA256
```

பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: எந்தத் தேதிகளுக்கு எவ்வளவு பிடித்தீர்கள், எந்தப் பிரிவின் கீழ், அபராத அறிவிப்பின் நகல் எங்கே. சம்பளச் சீட்டு தருவது ஊதியச் சட்டத் தொகுப்பின் 50-வது பிரிவுப்படி அவர்கள் கடமை, அதையும் கேளுங்கள். 15 நாளில் பதில் இல்லை என்றால், 45-வது பிரிவின் கீழ் உங்கள் பகுதிக்கான அதிகாரியிடம் மனு. யார் அந்த அதிகாரி என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். காலவரம்பு மூன்று ஆண்டு என்பதால் நான்கு மாதமும் உள்ளே வந்துவிடும். பிடித்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு என்பது உச்சவரம்புதான், அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

மனுவோடு தேதி வாரியாக ஓர் அட்டவணை இணையுங்கள்: ஆப் காட்டிய நேரம், இடைப்பயண நேரம், பிடித்த தொகை. போன் நேரம், சர்வர் நேரம் இரண்டும் உள்ள முழுப் பதிவை நிறுவனம் தாக்கல் செய்ய உத்தரவிடும்படியும் கேளுங்கள். ஆவணங்களை வரவழைக்க அதிகாரிக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. அனுமதியில்லாத பிடித்தம் என்று மனு வந்த பின், உரிய தொகை கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பை 59-வது பிரிவு முதலாளி மீதே வைக்கிறது.

இவை எல்லாம் நீங்கள் சம்பளத் தொழிலாளி என்ற அடிப்படையில் சொன்னது. நியமன ஆணையை இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் 'பார்ட்னர்', 'வேலைக்கு இவ்வளவு' என்ற மாதிரி வார்த்தைகள் இருந்தால் மனுவை அனுப்பாமல், அந்தத் தாளோடு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.